கடைசி கிளிக்குக்கே முழுக் கூலியா?

தேக்கு ஊஞ்சல் விற்கும் ஒரு இணையக் கடையை எடுத்துக்கொள்வோம். இரவு சமையலறை வேலை முடித்துவிட்டு யூட்யூப் பார்க்கும் ஒரு பெண்மணி, நடுவில் வந்த ஊஞ்சல் விளம்பரத்தைத் தள்ளிவிடாமல் அரை நிமிடம் பார்க்கிறார். மூன்று நாள் கழித்து, செய்தித் தளம் ஒன்றின் ஓரத்தில் அதே ஊஞ்சலின் படம் வருகிறது. தொட்டு உள்ளே போய் விலையைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பேசி முடிவானதும், கூகுளில் கடையின் பெயரையே அடித்து, மேலே வந்த விளம்பரத்தைத் தொட்டு ஆர்டர் போடுகிறார்.

இந்த விற்பனை யாரால் வந்தது? ‘கடைசி கிளிக்’ முறையைக் கேட்டால், முழுக்க முழுக்கத் தேடல் விளம்பரத்தால் என்றுதான் சொல்லும். கடையின் பெயர் அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது அந்தக் கணக்கில் வராது. வீடியோவைப் பார்ப்பவர் அந்த நொடியே வாங்குவது அபூர்வம். பெயர் மனதில் தங்கும், பிறகு தேடி வருவார். அதனால் வீடியோ எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அந்த அளவுக்குப் புகழ் தேடலுக்குப் போய்ச் சேருகிறது.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு மாதத்தில் 100 ஊஞ்சல் விற்றது. 40 பேர் வீடியோ, டிஸ்ப்ளே, தேடல் என்ற வரிசையில் வந்தார்கள். 30 பேர் வீடியோ பார்த்துவிட்டுத் தேடி வந்தார்கள். 20 பேருக்குத் தேடல் மட்டும், 10 பேருக்கு டிஸ்ப்ளே மட்டும். செலவு வீடியோவுக்கு 62,000 ரூபாய், டிஸ்ப்ளேவுக்கு 27,000, தேடலுக்கு 36,000.

கடைசி கிளிக் கணக்கில் தேடலுக்கு 90 விற்பனை, டிஸ்ப்ளேவுக்கு 10, வீடியோவுக்குப் பூஜ்யம். தேடலில் ஒரு ஊஞ்சல் விற்க 400 ரூபாய்தான் ஆனது போலவும், டிஸ்ப்ளேவில் 2,700 ஆனது போலவும், வீடியோவில் போட்ட பணம் கரைந்தே போனது போலவும் தெரியும்.

‘பொசிஷன் பேஸ்டு’ என்ற முறை வேறு மாதிரி பங்கு பிரிக்கும். முதலில் அறிமுகப்படுத்திய விளம்பரத்துக்கு 40 சதவீதம், கடைசியாகக் கொண்டுவந்து சேர்த்ததற்கு 40, நடுவில் வந்தவற்றுக்கு மீதி 20. இரண்டே விளம்பரம் என்றால் ஆளுக்குப் பாதி. இதன்படி முதல் 40 விற்பனையில் வீடியோவுக்கு 16, டிஸ்ப்ளேவுக்கு 8, தேடலுக்கு 16. அடுத்த 30-இல் வீடியோவுக்கும் தேடலுக்கும் 15, 15. மீதி 30 அப்படியே. கூட்டினால் வீடியோ 31, டிஸ்ப்ளே 18, தேடல் 51. அதே 100 விற்பனைதான், அதே செலவுதான். ஆனால் ஒரு ஊஞ்சலுக்கான செலவு வீடியோவில் 2,000, டிஸ்ப்ளேவில் 1,500, தேடலில் சுமார் 700 என்று மாறிவிடுகிறது.

முதல் கணக்கை நம்பி வீடியோவை நிறுத்துபவர் ஏமாறுவது எப்படி என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நிறுத்திய உடனே எதுவும் குறையாது. முன்பே வீடியோ பார்த்தவர்கள் இன்னும் தேடி வந்துகொண்டிருப்பார்கள். 62,000 மிச்சம், விற்பனை அப்படியே என்று அறிக்கை முதலில் அழகாகவே இருக்கும். அந்தக் கையிருப்பு தீர்ந்த பிறகுதான் கடையின் பெயரை அடித்துத் தேடுகிறவர்கள் குறைவார்கள். அப்போது எல்லோரும் தேடல் விளம்பரத்தில்தான் கோளாறு என்று அதைத் திருகிக்கொண்டிருப்பார்கள். கூகுள் சர்ச் கன்சோலில் கடைப் பெயருக்கான தேடல் எண்ணிக்கையை வாராவாரம் பார்த்துவந்தால் இந்தச் சரிவு முன்கூட்டியே தெரியும்.

40-20-40 என்ற பங்கும் யாரோ அளந்து கண்டுபிடித்ததல்ல, வழக்கமாக வைத்துக்கொண்டதுதான். பதிவானதை மட்டுமே அது பிரிக்கும். கிளிக் செய்யாமல் வெறுமனே கண்ணில் பட்ட டிஸ்ப்ளே படம் பெரும்பாலும் அந்த வரிசையில் ஏறாது. கூகுள் 2023-இல் இந்த முறையைத் தன் விளம்பரக் கணக்கிலிருந்தும் அனலிட்டிக்ஸிலிருந்தும் எடுத்துவிட்டது. இப்போது வேண்டுமென்றால், GA4-இல் விற்பனைக்கு முந்தைய பாதைகளைக் காட்டும் அறிக்கையை எடுத்து, மேலே செய்தது போல் கையால்தான் கூட்ட வேண்டும்.

வீடியோ இல்லாவிட்டாலும் இவர்கள் வாங்கியிருப்பார்களா என்ற கேள்விக்கு எந்தப் பங்கு முறையும் பதில் சொல்லாது. அதற்கு ஊர்களைப் பிரித்துப் பார்ப்பதுதான் வழி. வழக்கமாக ஒரே அளவு ஆர்டர் தரும் இரண்டு மாவட்டக் கூட்டங்களை எடுத்து, ஒன்றில் மட்டும் வீடியோவை நிறுத்திவிட்டு, எந்த விளம்பரத்துக்கு எத்தனை என்று பார்க்காமல் மொத்த ஆர்டரை மட்டும் ஒப்பிட வேண்டும். பழைய வீடியோவின் தாக்கம் வடிய நேரம் வேண்டும் என்பதால் ஒரு மாதத்துக்குக் குறைவாக நடத்தினால் பயனில்லை. மாதம் 20 ஆர்டர் வரும் இடத்தில் 15 ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம். 200 வந்த இடத்தில் 150 ஆனால் அந்த 50 பேரை வீடியோதான் அழைத்துவந்துகொண்டிருந்தது என்று நம்பிச் சொல்லலாம்.