கிண்ணத்தில் எத்தனை கிராம்?

நோன்பு மாதத்தில் வடகரை, தென்காசி, கடையநல்லூர் பக்கத்து வீடுகளில் அஸர் தொழுகை முடியும் நேரத்துக்கே கடல்பாசியைக் காய்ச்சித் தட்டில் ஊற்றிவிடுவார்கள். நோன்பு திறக்கும்போது கஞ்சி, வடையோடு வில்லை வில்லையாக அதுவும் வந்து நிற்கும். ஃபிரிட்ஜில் வைக்காவிட்டாலும் அது உருகாது. கடையில் பாக்கெட்டாக வரும் ஜெலட்டின் ஜெல்லியை அப்படி வெளியே விட்டுப் பாருங்கள். தென்காசி வெயிலில் அரை மணி நேரத்தில் சர்பத்தாகிவிடும். குற்றாலம் சீசனில் வாங்கி வரும் கொய்யாவைக் காய்ச்சிச் செய்கிற ஜெல்லியோ மூன்றாவது வகை. மாதக்கணக்கில் பாட்டிலில் இருக்கும், ஆனால் சர்க்கரை குறைந்தால் உறையவே உறையாது.

மூன்றையும் ‘ஜெல்லி’ என்றுதான் சொல்கிறோம். மூன்றுக்கும் தனித்தனியாகச் சத்துப் பெருமையும் உண்டு. கடல்பாசி வயிற்றுக்கு நல்லது, ஜெலட்டின் மூட்டுக்கு நல்லது, பெக்டின் கொலஸ்டிராலைக் குறைக்கும் என்பார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்த உண்மை எத்தனை கிராமுக்குப் பொருந்தும், நம் கிண்ணத்தில் எத்தனை கிராம் இருக்கிறது என்று கணக்குப் போட்டால்தான் விஷயம் விளங்கும்.

மன்னார் வளைகுடாவிலிருந்து

மளிகைக் கடையில் கடல்பாசி, சைனா கிராஸ், அகர்-அகர் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கிடைப்பது ஒன்றுதான். சிவப்புப் பாசிகளின் செல்சுவரில் இருக்கும் ஒருவகை மாவுப்பொருள் அது. தமிழ்நாட்டில் இதற்கு மூலம் ராமநாதபுரம் கடற்கரை. அங்கே மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்ற இரண்டிலிருந்தும் அகர் எடுக்கலாம். மரிக்கொழுந்தில் கிடைப்பது கெட்டியாக உறையும். அதற்குத்தான் மதிப்பு அதிகம். பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, மூச்சை அடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து இதைப் பறிக்கிறார்கள். இந்தத் தொழிலாளர்களை ஒன்றுதிரட்டி, பாசி அழியாமல் இருக்கப் பறிக்கும் நாட்களைக் கட்டுப்படுத்தியதில் முன்னின்ற சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது.

காய்ந்த பாசியைக் கழுவி, வெளுக்கவைத்து, கொதிக்கும் நீரில் வேகவைத்து வடித்தால் அகர் நீரில் இறங்கிவிடும். ஆறியதும் அது கூழாக உறையும். அந்தக் கூழைப் பனிக்கட்டியாக்கி மறுபடி உருகவிட்டால் நீர் வடிந்து அகர் தங்கும். அதைக் காயவைத்ததுதான் நாம் வாங்குகிற இழையும் தூளும்.

வீட்டு அளவு எளியது. ஒரு லிட்டர் பாலுக்கு அல்லது தண்ணீருக்கு 10 கிராம் அகர். இழையை முதலில் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, ஒரு நாரும் மிஞ்சாமல் கொதியில் கரைக்க வேண்டும். அரைகுறையாகக் கரைந்தால் தட்டின் அடி கெட்டியாகவும் மேல்பகுதி தளர்வாகவும் இருக்கும். எலுமிச்சைச் சாறு சேர்ப்பதானால் அடுப்பை அணைத்த பிறகுதான். புளிப்போடு சேர்த்துக் கொதித்தால் அகரின் நீண்ட சங்கிலிகள் அறுந்து உறையும் வலு போய்விடும். நாற்பது டிகிரிக்குப் பக்கத்தில் வந்ததும் உறையத் தொடங்கும். ஒருமுறை உறைந்தபின் மறுபடி உருகுவதற்கு 85 டிகிரி வேண்டும். நம் வாயின் சூடு 37 டிகிரி. அதனால்தான் கடல்பாசி நாக்கில் கரைவதில்லை; கடித்துத்தான் தின்ன வேண்டும்.

வாயில் நடப்பதே வயிற்றிலும் தொடர்கிறது. அகரைச் செரிக்கும் நொதி நம்மிடம் இல்லை. பெரும்பகுதி அப்படியே குடலைக் கடக்கிறது. நீரைப் பிடித்து வைத்திருப்பதால் மலம் இளகுகிறது. நார்ச்சத்து என்ற வகையில் நல்லதுதான். ஆனால் மேலே சொன்ன ஒரு லிட்டரைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு வருவது ஒரு கிராம் அகர். அதே பங்கில் பாலும், லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரை போட்டிருந்தால் 12 கிராம் சர்க்கரையும் இருக்கும். உடம்புக்குப் போகும் கலோரி முழுக்கப் பாலும் சர்க்கரையும் தருவது. அகரில் கால்சியம், இரும்பு உண்டு என்பது நூறு கிராம் தூளுக்குப் போட்ட கணக்கு. ஒரு கிராமில் அது பெயரளவுக்குத்தான்.

எலும்பிலிருந்து

செங்கோட்டைக் கணவாயைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால், கொச்சிப் பக்கம் ஜெலட்டின் தயாரிக்கும் ஆலைகள் இருக்கின்றன. மூலப்பொருள் மாட்டெலும்பு. அதை நொறுக்கி, கொழுப்பு நீக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்புச் சத்து கரைந்துபோய் மெத்தென்ற பகுதி மட்டும் நிற்கும். அதைச் சுண்ணாம்பு நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, வெந்நீரில் இறக்கி வடித்துக் காயவைத்தால் ஜெலட்டின். வெளிநாடுகளில் பன்றித் தோலிலிருந்தும், ஓரளவு மீன் தோலிலிருந்தும் எடுக்கிறார்கள். ஆலையில் நடப்பதன் சிறு பதிப்பு நம் அடுப்பிலும் உண்டு. ஆட்டுக்கால் சூப்பை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கட்டியாக இருக்கிறதே, அது ஜெலட்டின்தான்.

ஜெலட்டின் முப்பது டிகிரியைத் தாண்டியதுமே இளகிவிடும். நாக்கில் வழுக்கிக் கரையும் சுகம் அதனால் வருகிறது. வெயிலில் நிற்காத குறையும் அதனால்தான். இன்னொரு விபத்து குற்றாலத்தில் பழம் வாங்கி வருகிறவர்களுக்கு அடிக்கடி நேரும். பச்சை அன்னாசித் துண்டுகளையோ பப்பாளியையோ போட்டு ஜெலட்டின் ஜெல்லி செய்தால் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் இருந்தாலும் தண்ணீராகவே கிடக்கும். அந்தப் பழங்களில் புரதத்தைத் துண்டாக்கும் நொதிகள் இருக்கின்றன. ஜெலட்டின் ஒரு புரதம். பழத்தைச் சில நிமிடம் வேகவைத்துவிட்டால் நொதி செத்துவிடும். அகர் புரதம் அல்ல என்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

இந்த வேறுபாட்டை நுண்ணுயிரியல் ஆய்வகமும் பட்டுத்தான் அறிந்தது. ஜெர்மனியில் ராபர்ட் கோஹின் ஆய்வகத்தில் கிருமிகளை ஜெலட்டின் மீது வளர்த்தார்கள். 37 டிகிரிச் சூட்டில் ஜெலட்டின் உருகியது; சில கிருமிகள் அதையே தின்று நீராக்கின. அங்கு வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸிடம், சமையலில் அகரைப் பயன்படுத்திவந்த அவர் மனைவி ஃபேனி ஹெஸ் அதைப் போட்டுப் பார்க்கச் சொன்னது 1881இல். பெரும்பாலான கிருமிகளுக்கு அகரைத் தின்னத் தெரியாது. நம் குடலுக்கும் அகருக்கும் உள்ள உறவும் ஏறக்குறைய அதேதான்.

ஜெலட்டினையோ நாம் முழுதாகச் செரித்துவிடுகிறோம். எடையில் 85 சதவீதத்துக்கு மேல் புரதம் என்பதால் அதைச் சத்துணவாக விற்பது எளிது. ஆனால் உடம்பு தானே செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோபான் அதில் இல்லை. பாரிஸ் மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு எலும்பு ஜெலட்டின் சூப் ஊற்றப்பட்ட காலத்தில், பிரெஞ்சு அறிவியல் அகாடமி மாஜென்டி தலைமையில் குழு அமைத்தது. ஜெலட்டினை மட்டும் தின்ற நாய்கள் பிழைக்கவில்லை என்று 1841இல் அந்தக் குழு அறிக்கை தந்தது. சோறும் பருப்பும் முட்டையும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் குறை பொருட்டில்லை. அவற்றுக்கு மாற்றாக ஜெலட்டினை நம்பக் கூடாது, அவ்வளவுதான். அது நேரே மூட்டுக்குப் போய் ஒட்டிக்கொள்வதும் இல்லை. எந்தப் புரதத்தையும் போல அமினோ அமிலங்களாகவும் சிறு துணுக்குகளாகவும் உடைந்தே ரத்தத்தில் சேர்கிறது. ஒரு கப் ஜெல்லியில் இருப்பது 2 கிராம் ஜெலட்டின். ஒரு முட்டையில் 6 கிராம் முழுமையான புரதம்.

கொய்யாவிலும் எலுமிச்சையிலும்

பெக்டின் பழங்களின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பொருள். ஆலைகள் அதை ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் பிரிக்கின்றன. எலுமிச்சைக்குப் பெயர்போன புளியங்குடி நமக்குப் பக்கத்தில்தான். சாறு பிழிந்தபின் எறிகிற தோலின் உட்புற வெள்ளைப் பகுதியில்தான் பெக்டின் நிறைய இருக்கிறது. வீட்டில் செய்ய வாகானது கொய்யா. அதிலும் செங்காய்ப் பதத்தில் இருப்பது. கனிந்து குழைந்த பழத்தில் நொதிகள் பெக்டினைச் சிதைத்துவிட்டிருக்கும். எவ்வளவு காய்ச்சினாலும் பாகாகத்தான் வரும்.

ஒரு கிலோ கொய்யாவை வில்லைகளாக்கி, மூழ்கும் அளவு தண்ணீரும் ஒரு எலுமிச்சைச் சாறும் விட்டு அரை மணி நேரம் மெதுவாக வேகவையுங்கள். துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தானாக வடியவிட வேண்டும். பிழிந்தால் ஜெல்லி கலங்கும். வடிநீரில் பெக்டின் போதுமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஆறிய வடிநீர் ஒரு ஸ்பூனுடன் சர்ஜிக்கல் ஸ்பிரிட் இரண்டு ஸ்பூன் சேர்த்து மெல்ல அசையுங்கள். ஒரே கட்டியாகத் திரண்டால் பெக்டின் தாராளம். லிட்டருக்கு ஒரு கிலோ சர்க்கரை தாங்கும். சில துண்டுகளாகத் திரண்டால் 750 கிராம். தூள்தூளாகப் பிரிந்தால் இன்னும் சுண்டவைக்க வேண்டும். சோதித்ததைக் கொட்டிவிடுங்கள், வாயில் வைக்கக் கூடாது.

சர்க்கரை போட்டபின் பெரும் தீயில் சீக்கிரம் முடிக்க வேண்டும். 105 டிகிரி வந்தால் போதும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் கரண்டியில் எடுத்துச் சரித்துப் பாருங்கள். துளித்துளியாகச் சொட்டாமல் இரண்டு துளி சேர்ந்து தகடாக விழுந்தால் பதம். அதற்கு மேலும் காய்ச்சினால் பெக்டின் உடையும். புளிப்பு மிஞ்சினால் உறைந்த ஜெல்லி ஓரங்களில் நீர் விடும்.

இவ்வளவு சர்க்கரை ருசிக்காக மட்டும் அல்ல. பெக்டின் இழைகள் தம்மைச் சுற்றி நீரைப் பிடித்துக்கொண்டு ஒன்றையொன்று விலக்கும். சர்க்கரை நீரைத் தன் பக்கம் இழுத்து, புளிப்பு விலக்கலைத் தணித்தால்தான் இழைகள் சேர்ந்து வலையாகும். எடையில் அறுபது சதவீதத்தை ஒட்டிச் சர்க்கரை இல்லாமல் இந்த வலை விழாது. சர்க்கரை குறைத்த ஜாம்களில் போடுவது வேறு வகைப் பெக்டின். அது கால்சியத்தால் உறைகிறது.

பெக்டினை நாம் செரிப்பதில்லை. பெருங்குடல் நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைத்துக் குடலுக்கு உதவும் சிறு கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. கொலஸ்டிரால் விஷயமும் உண்மைதான், ஆனால் அதற்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒப்புக்கொண்ட அளவு நாளொன்றுக்கு 6 கிராம் பெக்டின். ஒரு ஸ்பூன், அதாவது 20 கிராம் ஜாமில் இருக்கும் பெக்டின் 0.2 கிராமைத் தாண்டாது. சர்க்கரை 13 கிராம். ஆறு கிராமை ஜாமிலிருந்து எடுக்க முப்பது ஸ்பூன் வேண்டும். கூடவே 390 கிராம் சர்க்கரை. காய்ச்சாத கொய்யாவில் நூறு கிராமுக்கு 5 கிராமுக்கு மேல் நார்ச்சத்து இருக்கிறது, பெக்டினும் அதில் அடக்கம்.

லேபிளைப் படிக்க

பாக்கெட்டில் 406 என்றிருந்தால் அகர், 440 என்றால் பெக்டின். 407 என்பது காராஜீனன். ராமநாதபுரத்தில் ‘பெப்சி பாசி’ என்று வளர்க்கிறார்களே, அதிலிருந்து வருவது. ஜெலட்டின் பெரும்பாலும் பெயராகவே இருக்கும். அந்தப் பாக்கெட்டில் அசைவக் குறியும் இருக்க வேண்டும். ஹலால் பார்ப்பவர்களுக்கு அந்தக் குறி மட்டும் போதாது, எந்த விலங்கிலிருந்து எடுத்தது என்பதும் தெரிய வேண்டும். அகரிலும் பெக்டினிலும் இந்தக் கேள்வி எழாது.

பிறகு அதே லேபிளில் சர்க்கரை எத்தனை கிராம் என்று பாருங்கள். உறையவைக்கும் பொருள் ஒன்றிரண்டு கிராமைத் தாண்டாத கிண்ணத்தில், உடம்புக்கு நல்லதா கெட்டதா என்பதைத் தீர்மானிப்பது அந்த எண்தான்.