சதவீதம் பெரிதா, லாபம் பெரிதா?

ஒரே கடையிடம், அதில் இரண்டில் ஒரு தொழில்தான் தொடங்க முடியும். தேநீர்க் கடைக்கு 1 லட்சம் போட்டால் ஓராண்டில் 1.5 லட்சம் வரும். உணவகத்துக்கு 11 லட்சம் போட்டால் 14 லட்சம். உள்ளக ஈட்டு விகிதம் (ஐ.ஆர்.ஆர்.) தேநீர்க் கடைக்கு 50%, உணவகத்துக்கு 27% சொச்சம்.

பணத்தின் செலவு 10% என்றால், நிகர இன்றைய மதிப்பு தேநீர்க் கடைக்குச் சுமார் 36,000 ரூபாய், உணவகத்துக்கு 1.73 லட்சம். வரிசை தலைகீழாகிறது. விகிதம் முதலீட்டின் அளவைப் பார்ப்பதில்லை, அதுதான் காரணம்.

கூடுதலாகப் போடும் 10 லட்சத்தை மட்டும் தனியே பாருங்கள். அது 12.5 லட்சமாகிறது, அதாவது 25%. இதுவே குறுக்கு விகிதம். அந்த விகிதத்தில் இரண்டின் மதிப்பும் 20,000 ரூபாய்தான். பணம் 25 சதவீதத்துக்குக் குறைவாகக் கிடைத்தால் உணவகத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். அதற்கு மேல் போனால் தேநீர்க் கடை.