மறந்தது முழுவதும் அழிந்துவிடுகிறதா?

நண்பர் ஒருவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அண்மையில் ஒரு திருமண வீட்டில் பழைய மாணவர் ஒருவர் ஓடிவந்து வணங்கியபோது, அவர் எந்த வரிசையில் அமர்ந்திருந்தார், எந்தப் பாடத்தில் தடுமாறினார் என்பதெல்லாம் இவருக்கு நினைவுக்கு வந்தன. பெயர் மட்டும் வரவில்லை. வீடு திரும்பும் வழியில், பேருந்தில், அந்தப் பெயர் தானாக வந்து நின்றது. ஆனாலும் அன்றிரவு அவர் உறங்கவில்லை. மறுநாள் என்னிடம் கேட்டார்: “மூளை எப்படிக் கற்கிறது, எப்படி மறக்கிறது என்று விளங்கச் சொல்லும் புத்தகம் எது? நினைவாற்றலைப் பெருக்கப் பத்து வழிகள் சொல்லும் புத்தகம் வேண்டாம்.”

அவருக்குச் சொன்னதையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். இத்துறையில் பொது வாசகருக்கான ஆங்கில நூல்கள் நிறையவே உண்டு. ஆனால் அவற்றை எந்த வரிசையில் படிக்கிறோம் என்பது முக்கியம். முதலில் ஒரு மனிதரின் கதை. அடுத்து ஓர் எளிய உயிரியின் கதை. மறதியைப் பற்றிய நூல் அதன் பிறகே.

மனிதரின் கதையைச் சொல்வது சூசன் கார்க்கின் எழுதி 2013இல் வெளிவந்த ‘பெர்மனென்ட் பிரசன்ட் டென்ஸ்’. ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கர் சிறுவயது முதல் வலிப்பு நோயால் அவதிப்பட்டவர். 1953இல், அவருடைய 27ஆம் வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் அவருடைய மூளையின் இருபுறமும், பொட்டுப் பகுதியின் உட்பக்கத்தில், ஹிப்போகாம்பஸ் உள்ளிட்ட திசுக்களை நீக்கினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் 2008இல் இறக்கும்வரை மொலேசனால் புதிதாக நடந்த எதையும் நினைவில் நிறுத்த முடியவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவரை ஆராய்ந்த கார்க்கினை, ஒவ்வொரு சந்திப்பிலும் அவர் புதியவராகவே எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

இந்நூலில் நின்று நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் மொலேசனிடம் ஒரு நட்சத்திரத்தின் வடிவத்தைக் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டே பென்சிலால் வரையச் செய்தார். கண்ணாடியில் இடம் மாறித் தெரிவதால் யாருக்கும் முதலில் கை கோணலாகத்தான் போகும். மூன்று நாள் பயிற்சியில் மொலேசனின் பிழைகள் நம்மைப் போலவே குறைந்துகொண்டே வந்தன. ஆனால் அந்தப் பயிற்சியை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. கை கற்றுக்கொண்டது, கற்றதை அவர் அறியவில்லை. நினைவு என்பது ஒரே பெட்டகம் அன்று, அதில் குறைந்தது இரு வகைகள் உண்டு, அவை மூளையின் வெவ்வேறு பகுதிகளைச் சார்ந்தவை என்பதை இந்த நட்சத்திரம் காட்டிக்கொடுத்தது. (இதே நோயாளியைப் பற்றி ஸ்கோவில்லின் பேரன் லூக் டிட்ரிச் 2016இல் எழுதிய நூல், கார்க்கினின் ஆய்வு முறையின் மீது கடுமையான கேள்விகளை எழுப்பியது. ஒருவர் ஒப்புக்கொண்டதையே மறந்துவிடுகிறார் என்றால் அந்த ஒப்புதலுக்கு என்ன பொருள் என்பது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று.)

இந்தப் பிரிவினையை மனத்தில் கொண்டு எரிக் கேண்டலின் ‘இன் சர்ச் ஆஃப் மெமரி’ நூலுக்கு வர வேண்டும். 2006இல் வெளிவந்த தன்வரலாறு இது. ஒன்பதாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த பொம்மைக் கார், அடுத்த இரண்டு நாளில் வியன்னாவின் யூதர் வீடுகளில் புகுந்த நாஜிக் கும்பல் என்று தொடங்கும் நூல், நரம்புச் செல்லுக்குள் நம்மை அழைத்துச் செல்கிறது. நடுவில் வரும் அயனிகள், மின்னழுத்தம் பற்றிய சில அத்தியாயங்கள் கடினமானவை. அவற்றை விரைந்து கடந்துவிடலாம் என்பது என் கருத்து. ஆனால் கடல் முயல் வரும் பக்கங்களை விட்டுவிடக் கூடாது.

அப்ளிசியா எனப்படும் கடல் முயல், ஓடு வெளியே தெரியாத ஒரு கடல் நத்தை. அதன் நரம்புச் செல்கள் ஏறத்தாழ 20,000 மட்டுமே; மனித மூளையில் அவை 8,600 கோடி அளவில் இருக்கின்றன. நத்தையின் சில செல்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவு பெரியவை. இதனால் எந்தச் செல் எதனுடன் இணைகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டறிய முடிந்தது. அதன் நீர்க்குழாயை மெல்லத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் பாடப்புத்தகம்.

தீங்கற்ற தொடுதலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அது பொருட்படுத்துவதை நிறுத்திவிடும். தொடர்ச்சியாக 40 முறை தொட்டபோது அந்தப் பாடம் ஒரு நாள் நிலைத்தது. அதே 40 தொடுதலை நாளுக்கு 10 வீதம் நான்கு நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது பல வாரங்கள் நிலைத்தது. உழைப்பு ஒன்றே; இடைவெளி மட்டும் வேறு.

இடைவெளிக்கு ஏன் இத்தனை வலிமை? இதற்கான விடையைக் கேண்டல் மற்றொரு பாடத்தில் தேடினார். வாலில் ஒருமுறை மின்னதிர்ச்சி கொடுத்தால், சற்று நேரத்துக்கு நத்தை எந்தத் தொடுதலுக்கும் செவுளைப் பலமாக இழுக்கும். அப்போது செரோடோனின் சுரந்து, தொடுவுணர்வைக் கடத்தும் செல்லின் முனை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குளுட்டமேட்டை வெளியிடுகிறது. பழைய இணைப்பே சற்று உரத்துப் பேசுகிறது. புதிதாக எதுவும் கட்டப்படவில்லை. சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடும். இடைவெளி விட்டு ஐந்து முறை அதிர்ச்சி கொடுத்தால் கதையே மாறுகிறது. சமிக்ஞை செல்லின் உட்கருவை எட்டுகிறது. அங்கே ‘கிரெப்’ என்ற புரதத்தின் ஒரு வடிவம் மரபணுக்களை இயக்கக் காத்திருக்கிறது. இன்னொரு வடிவம் அதைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. தடை விலகி, மரபணு இயங்கி, புதிய புரதம் உருவாகி, செல் புதிய கிளை முனைகளை விட வேண்டும். இதற்கு நேரம் வேண்டும். தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் ஒரே பக்கத்தைப் படிக்கும் மாணவரின் முயற்சி, பெரும்பாலும் முதல் வகைப் பாடமாகவே நின்றுவிடுவது ஏன் என்பதற்கு இங்கே ஒரு குறிப்பு கிடைக்கிறது.

கேண்டலின் ஆய்வகத்தில் இந்த முனைகளை எண்ணியே பார்த்தார்கள். பயிற்சிக்கு முன் ஒரு தொடுவுணர்வுச் செல்லுக்கு ஏறத்தாழ 1,300 முனைகள். நீண்டகாலப் பயிற்சிக்குப் பின் அவை 2,700 ஆயின. நினைவு மங்கிய பின் எண்ணிக்கை மீண்டும் குறைந்தது. ஆனால் 1,300க்குத் திரும்பவில்லை. ஏறத்தாழ 1,500இல் நின்றது. நத்தையின் நடத்தையைப் பார்த்தால் பாடம் மறந்துபோனது. செல்லைப் பார்த்தால் சிறு எச்சம் இருக்கிறது.

இந்த 200 முனைகள்தான் நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஏனெனில் இவை 1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் கண்டதுடன் வந்து சேர்கின்றன. அவர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறந்து, மறுபடி படித்துப் பார்த்தவர். ‘எவ்வளவு நினைவிருக்கிறது’ என்று அவர் கேட்கவில்லை. ‘இரண்டாம் முறை கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது’ என்று கேட்டார். ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்கு மிச்சமாயிற்று. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாயிற்று. மறந்த பாடத்தை மறுபடி கற்பது எளிதாக இருப்பதற்கு, எஞ்சி நிற்கும் இந்த இணைப்புகளே காரணமாகலாம் என்கிறார் கேண்டல்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கேண்டலின் நத்தை கற்பது மொலேசனின் கை கற்றதைப் போன்ற, அறியாமல் கற்கும் வகை. மாணவரின் பெயரை நினைவில் வைப்பது வேறு வகை. அதற்கு ஹிப்போகாம்பஸ் வேண்டும். கேண்டல் பின்னாளில் எலிகளின் ஹிப்போகாம்பஸிலும் ஒத்த மூலக்கூறுகளைக் கண்டார் என்றாலும், நத்தையிலிருந்து மனிதருக்கு ஒரே தாவலாகத் தாவிவிட முடியாது. ‘மூளை இப்படிச் செய்கிறது’ என்று எந்தப் புத்தகம் சொன்னாலும், எந்த உயிரியின் மூளை, எந்த வகைப் பாடம் என்று அடுத்த வரியில் சொல்கிறதா எனப் பாருங்கள். சொல்லாத நூலைத் தயக்கமின்றி மூடிவிடலாம்.

மறதியின் மறுபக்கத்தைச் சொல்வது ஸ்காட் ஸ்மால் என்ற நரம்பியல் மருத்துவர் 2021இல் எழுதிய ‘ஃபர்கெட்டிங்’. மறதி என்பது வண்ணம் வெளுப்பது போன்ற தேய்வு மட்டுமன்று. மறப்பதற்கென்றே செல்லுக்குள் தனி ஏற்பாடு இயங்குகிறது என்பது அவருடைய வாதம். இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. பழ ஈக்களில் ‘ராக்’ என்ற புரதத்தின் செயலைத் தடுத்தால் அவை மறப்பது தாமதமாகிறது என்று 2010இல் கண்டறிந்தார்கள். ஸ்மாலின் நடை சில இடங்களில் மறதியை அளவுக்கு மீறிப் புகழ்கிறது. ஆனால் இயல்பான மறதியையும் நோயால் வரும் மறதியையும் பிரித்துப் பார்ப்பதில் அவர் தெளிவானவர். அல்சைமர் நோய் தொடங்கும் இடமும் முதுமையில் இயல்பாகத் தளரும் இடமும் ஹிப்போகாம்பஸ் பகுதிக்குள்ளேயே வேறு வேறு என்பது, அவர் பல்லாண்டு ஆய்ந்து கண்டவற்றில் ஒன்று.

என் நண்பருக்குப் பேருந்தில் பெயர் வந்துவிட்டது என்பதை நினைவுபடுத்தினேன். வந்தது என்றால் அது உள்ளே இருந்தது. தேடி எடுப்பதில்தான் தாமதம். மொலேசனுக்கு நேர்ந்தது அதுவன்று, பதியவே இல்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வது, பழகிய வழியில் தடுமாறுவது போன்றவை தெரிந்தால் போக வேண்டிய இடம் மருத்துவரிடம். புத்தகக் கடைக்கு அன்று.

கடைசியாக ஒரு மெலிந்த நூல்: அலெக்சாந்தர் லூரியா என்ற ரஷ்ய உளவியலாளரின் ‘தி மைண்ட் ஆஃப் எ நெமானிஸ்ட்’. ஆங்கிலத்தில் 1968இல் வந்தது. ஒருமுறை கேட்ட எண்வரிசையைப் பல ஆண்டுகள் கழித்தும் ஒப்பிக்கக்கூடிய மனிதரைப் பற்றியது. மேடையில் நினைவுக் காட்சி நடத்திப் பிழைத்த அவருக்கு, முந்தைய காட்சியின் எண்கள் அடுத்த காட்சியில் குறுக்கே வந்து நின்றன. முகங்கள் கணத்துக்குக் கணம் மாறுவதால் மனிதர்களை அடையாளம் காண்பதும் அவருக்குக் கடினமாக இருந்தது. மறக்க வழி தேடி, எண்களைத் தாளில் எழுதி எரித்துப் பார்த்தார். கருகிய தாளிலும் எண்கள் தெரிந்தன. பின்னர் ஒருநாள், தாம் விரும்பாவிட்டால் அந்த எண்கள் தோன்றுவதில்லை என்பதைத் தற்செயலாகக் கண்டுகொண்டார். அது எப்படி நிகழ்ந்தது என்று அவராலும் விளக்க முடியவில்லை, லூரியாவாலும் முடியவில்லை.