பட்ஜெட் என்றால் எந்த பட்ஜெட்?

'12 பேருக்கு ஆபீஸ், பட்ஜெட் 70,000' என்று மின்னஞ்சல் அனுப்பினால், சதுர அடி 60 ரூபாய் வீதம் 1,000 சதுர அடி இடங்களைத் தரகர் காட்டக்கூடும். வாடகை 60,000தானே! பராமரிப்பு அடிக்கு 10 ரூபாய் என்றால் 70,000 ஆகிவிடும். 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 82,600. 'எல்லாம் உட்பட 70,000' என்றே எழுதுங்கள்.

அந்த 1,000 அடியில் படிக்கட்டு, லிஃப்ட் பங்கும் அடங்கும். உள்ளே 700தான் தேறலாம். தலைக்கு 60 அடி என்றாலும் 12 பேருக்கு 720 வேண்டும். எனவே கார்ப்பெட் ஏரியாவைக் கேளுங்கள்.

'பார்க்கிங் உண்டு' என்ற பதிலை நம்பாதீர்கள். 2 கார், 8 பைக். ஒதுக்கப்பட்ட இடமா, தனிக்கட்டணமா என்று கேட்டுவிடுங்கள். தரகர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.