மூன்று ஏஏ செல், ஒரு வெள்ளை எல்இடி, எத்தனை ஓம்?

எல்இடிக்குத் தொடரில் போடும் ரெசிஸ்டரைக் கணக்குப் போடுவது எளிது. பேட்டரி வோல்டேஜிலிருந்து எல்இடி எடுத்துக்கொள்ளும் வோல்டேஜைக் கழித்து, நமக்கு வேண்டிய கரண்டால் வகுத்தால் போதும். வருகிற விடையை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் சுவாரஸ்யமான கேள்வி.

மூன்று ஏஏ அல்கலைன் செல்லை வைத்து ஒரு வெள்ளை எல்இடியை 10 மில்லி ஆம்பியரில் எரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி 4.5 வோல்ட், எல்இடி 3.2 வோல்ட்.

```
R = (4.5 - 3.2) / 0.010 = 130 Ω
```

கடையில் சுலபமாகக் கிடைப்பது 120 அல்லது 150. நான் 150 எடுப்பேன். கரண்ட் 8.7 மில்லி ஆம்பியராகும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ரெசிஸ்டரில் வீணாவது 11 மில்லிவாட்தான், கால் வாட் ரெசிஸ்டர் தாராளம்.

இப்போது டாலரன்ஸுக்கு வருவோம். ரெசிஸ்டரில் கடைசிக் கோடு தங்க நிறம் என்றால் 5%. அதாவது உண்மையான மதிப்பு 142.5 முதல் 157.5 ஓம் வரை எங்கேயும் இருக்கலாம். கரண்ட் 9.1 முதல் 8.3 வரை. இதற்காகக் காசு கொடுத்து 1% ரெசிஸ்டர் தேட வேண்டுமா? அவசரப்படாதீங்க, மற்ற இரண்டையும் பார்ப்போம்.

எல்இடியின் 3.2 வோல்ட் என்பது ஒரு சராசரி. ஒரே பாக்கெட்டில் வாங்கினாலும் ஒன்று 3.0, இன்னொன்று 3.4 இருக்கலாம். ரெசிஸ்டருக்கு மிஞ்சுவதே 1.3 வோல்ட்தான், அதில் 0.2 ஏறி இறங்கினால் கரண்ட் 10 முதல் 7.3 வரை போகும். கிட்டத்தட்ட 15% இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

பேட்டரி அதைவிட மோசம். புது செல் 1.6 வோல்ட் தரும், மொத்தம் 4.8, கரண்ட் 10.7. செல் 1.2 வோல்ட்டுக்கு இறங்கும்போது மொத்தம் 3.6தான். கணக்குப்படி 2.7 மில்லி ஆம்பியர். கரண்ட் குறையும்போது எல்இடியின் வோல்டேஜும் கொஞ்சம் இறங்குவதால் நிஜத்தில் இதைவிடச் சற்று அதிகம் ஓடும், ஆனாலும் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். இதன் பக்கத்தில் அந்த 5% எந்த மூலைக்கு?

பார்க்க வேண்டியது மேல் எல்லையைத்தான். புது செல், 3.0 வோல்ட் எல்இடி, 142.5 ஓம் மூன்றும் ஒன்றுசேர்ந்தால் 12.6 மில்லி ஆம்பியர். டேட்டாஷீட்டில் 20 என்று இருந்தால் பயமில்லை.

அதே எல்இடியை 9 வோல்ட் பேட்டரியில் போட்டால் ரெசிஸ்டருக்கு 5.8 வோல்ட் கிடைக்கிறது. அப்போது 0.2 வோல்ட் என்பது வெறும் 3.5%, ரெசிஸ்டரின் 5% தான் பெரியது. ஆனால் பேட்டரி சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு ரெசிஸ்டரைச் சூடாக்கவே போகிறது. நிலையான வெளிச்சத்துக்கு இதுதான் விலை.

உங்கள் சர்க்யூட்டில் உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்க வயரைக் கழற்ற வேண்டாம். மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து ரெசிஸ்டரின் இரு முனையிலும் தொடுங்கள். 150 ஓமில் 1.5 வோல்ட் காட்டினால் 10 மில்லி ஆம்பியர்.