ஒரு பிரீமியம், இரண்டு பதிவுகள்

சரிக்கட்டுப் பதிவுகள் அத்தியாயத்தைச் சுருக்கி எழுதச் சொன்னால், பிளஸ் ஒன் மாணவர்கள் பலர் பதிவுகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வார்கள். கேள்வி கொஞ்சம் மாறிவந்தால் அந்தப் பட்டியல் கைகொடுக்காது. அதைவிட, எல்லாக் கணக்குக்கும் பொருந்தும் நான்கு வரி அச்சு ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளலாம். ஏட்டில் இப்போது என்ன இருக்கிறது? மார்ச் 31 அன்று என்ன இருக்க வேண்டும்? வித்தியாசம் எவ்வளவு? எதில் பற்று, எதில் வரவு?

ஒரு துணிக்கடை ஜூலை 1 அன்று ஓராண்டுத் தீக்காப்பீட்டுக்கு 24,000 ரூபாய் கட்டியது என்று வைத்துக்கொள்வோம். கணக்கர் முழுத் தொகையையும் காப்பீட்டுச் செலவில் பற்று வைத்துவிட்டார். மாதத்துக்கு 2,000 ரூபாய். மார்ச் 31 வரை ஓடியது 9 மாதம், ஆகவே இந்த ஆண்டின் செலவு 18,000 தான். ஏட்டிலோ 24,000 இருக்கிறது. வித்தியாசம் 6,000. முன்கூட்டிச் செலுத்திய காப்பீட்டில் அதைப் பற்று வைத்து, காப்பீட்டுச் செலவில் வரவு வைத்தால் வேலை முடிந்தது.

இதே கடையில் கணக்கர் வேறு வழக்கம் உள்ளவராக இருந்தால்? 24,000 ரூபாயையும் முதலிலேயே முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு என்ற சொத்துக் கணக்கில் எழுதியிருப்பார். இப்போது செலவுக் கணக்கில் இருப்பது பூஜ்யம், இருக்க வேண்டியது 18,000. பதிவு அப்படியே திரும்புகிறது: காப்பீட்டுச் செலவில் 18,000 பற்று, முன்கூட்டிச் செலுத்தியதில் 18,000 வரவு. எந்த வழியில் போனாலும் செலவு 18,000, சொத்து 6,000.

மனப்பாடக்காரர் வழுக்குவது இந்த இடத்தில்தான். இரண்டாவது ஏட்டிலும் '6,000' என்றே எழுதிவிடுவார். செலவு 6,000 ஆகச் சுருங்கி, இலாபம் 12,000 ரூபாய் வீங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், இருப்புநிலைக் குறிப்பின் இரு பக்கமும் அப்போதும் சமமாகவே நிற்கும். அதனால் தவறு கண்ணில் படாது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மீதமுள்ள சொத்தை மாதத் தொகையால் வகுக்க வேண்டும். 18,000 ஐ 2,000 ஆல் வகுத்தால் 9 மாதம் வருகிறது. பாலிசியில் மிச்சமிருப்பதோ மூன்றே மாதம்!

கொடுபட வேண்டிய சம்பளத்துக்கும் அதே அச்சுதான். மாதச் சம்பளம் 15,000. மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரலில்தான் கொடுக்கப்படும். ஏட்டில் 1,65,000, இருக்க வேண்டியது 1,80,000. சம்பளத்தில் 15,000 பற்று, கொடுபட வேண்டிய சம்பளத்தில் வரவு. இதில் ரொக்கக் கணக்கு வராது, ஏனெனில் மார்ச் 31 அன்று கல்லாவிலிருந்து காசு போகவில்லை.

வாராக்கடன் ஒதுக்கில் மட்டும் இரண்டாவது வரிக்கு நாள்காட்டி உதவாது. எத்தனை சதவீதம் வராது என்பதை வணிகர்தான் மதிப்பிட வேண்டும். பாடப்புத்தகக் கணக்கில் அந்தச் சதவீதத்தைக் கேள்வியே கொடுத்துவிடுகிறது.