விடைபெறும் பதிவு: முகவரி யாருடைய சொத்து?

சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பத்திரிகை நின்றுபோகலாம், அச்சகத்தில் பாக்கி நிற்கலாம். ஆனால் சந்தாதாரர் முகவரிகள் எழுதிய நோட்டு ஆசிரியர் கையில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கார்டு போட்டால், வேறு பெயரில் இன்னொரு பத்திரிகையை ஆரம்பித்துவிடலாம். முகநூல் போன்ற வெளிகளில் இந்த உறவு தலைகீழாகிறது. எழுதுவது நாம், வாசிப்பது நம் நண்பர்கள், நோட்டு மட்டும் நிறுவனத்திடம். ‘இங்கிருந்து விலகுகிறேன், இனி இன்ன இடத்தில் பார்க்கலாம்’ என்று நாம் எழுதும் கடைசிப் பதிவைக்கூட யாருக்குக் காட்டுவது, யாருக்கு மறைப்பது என்பதை அந்த நிறுவனமே தீர்மானிக்கிறது. விடைபெறுதல் ஏதோ உணர்ச்சி சார்ந்த சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது. முகவரிப் பட்டியல் யார் கையில் என்கிற அதிகாரப் பிரச்சினை அதற்குள் இருக்கிறது.

மதுரைப் பக்கத்து மக்கள் இதை இரண்டு தவணையாகப் பார்த்தார்கள். 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் செயலியைப் பதிவிறக்கத் தடை விதிக்கச் சொல்லி இடைக்கால உத்தரவிட்டது. அந்த மாத நடுவில் கூகுளும் ஆப்பிளும் தங்கள் கடைகளிலிருந்து அதை எடுத்துவிட்டன. ஆனாலும் ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்களுக்குச் செயலி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏப்ரல் 24 அன்று நீதிமன்றம் தடையை நீக்கியது. அதாவது கடையைத்தான் பூட்டினார்கள், பாதையை வெட்டவில்லை.

2020 ஜூன் 29 இரவு நடந்தது வேறு. மத்திய அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவின்கீழ் 59 செயலிகளைத் தடை செய்தது. மறுநாளே டிக்டாக் இந்தியாவில் இயங்காமல் போயிற்று. இடையில் கிடைத்த சில மணி நேரத்தில் கிராமத்துப் பெண்கள், கூலிவேலை செய்பவர்கள், திருநங்கையர் என்று பலதரப்பட்டவர்கள் கடைசி வீடியோ போட்டு, ‘இன்ஸ்டாகிராமுக்கு வாங்க, யூடியூபுக்கு வாங்க’ என்று கூப்பிட்டார்கள். அன்றைக்கு அதைப் பார்க்கத் தவறியவர்களுக்குப் போய்ப் பார்க்க மறுநாள் இடமே இல்லை. உடன்குடி ஜி.பி. முத்து யூடியூபில் மீண்டும் பிரபலமானதும், ரசிகர்கள் தபாலில் அனுப்பும் கடிதங்களைக் கேமரா முன்னால் பிரித்துப் படித்தார். செயலி மறைந்த பிறகும் தபால்காரருக்குத் தெரிந்த முகவரி மறையவில்லை.

இது அரசு வெட்டியது. நிறுவனமே வெட்டுவதும் உண்டு. 2022 டிசம்பர் 18 அன்று ட்விட்டர் ஒரு விதி போட்டது: முகநூல், இன்ஸ்டாகிராம், மாஸ்டோடான் போன்ற வேறு தளங்களில் உள்ள தன் கணக்குக்கு யாரும் ட்விட்டரில் வழி காட்டக் கூடாது. அமெரிக்க முதலீட்டாளர் பால் கிரஹாம், தான் விலகுவதாகவும் தன் புதிய கணக்கின் இணைப்பு தன் சொந்த வலைத்தளத்தில் இருப்பதாகவும் எழுதினார். அதற்கே அவருடைய கணக்கு முடக்கப்பட்டது. எதிர்ப்புக்குப் பின் கணக்கைத் திருப்பித் தந்தார்கள், விதியும் ஓரிரு நாளில் காணாமல் போயிற்று. ஆனால் விஷயம் அம்பலமாகிவிட்டது. போகிறவர் போகலாம், போகுமிடத்தைச் சொல்லக் கூடாது. கிரஹாமுக்கு ஒரு வசதி இருந்தது. கணக்கு முடங்கிய நேரத்திலும் அவருடைய வலைத்தளம் அவரிடமே இருந்தது.

இனி நடைமுறைக்கு வருவோம். எழுமலையில் இருக்கும் ஒரு தோழர், 3,000 நண்பர்களோடு பத்து வருஷம் முகநூலில் எழுதியவர், விலகப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பலரும் செய்வது இதுதான்: இரவில் ஒரு நீண்ட பதிவு, காலையில் கணக்கை நீக்குவது. இதில் சிக்கல் என்னவென்றால், கணக்கை நீக்கினால் விடைபெறும் பதிவும் சேர்ந்தே போய்விடும். தற்காலிகமாக முடக்கினாலும் அது மறைந்துவிடும். ஆறு மாதம் கழித்துத் தேடி வரும் நண்பர் கதவில் அறிவிப்புப் பலகையைப் பார்க்க மாட்டார், வீடே இருக்காது.

அதனால் அவர் முதலில் தன் தகவல்களைப் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். அதற்கான வசதி முகநூல் அமைப்புகளிலேயே இருக்கிறது. வந்து சேரும் கோப்பில் அவருடைய பதிவுகள் இருக்கும், நண்பர்களின் பெயர்கள் இருக்கும். ஆனால் அந்தப் பெயர்களுக்கு எதிரே போன் நம்பரோ மின்னஞ்சலோ இருக்கும் என்று நம்பக் கூடாது. நோட்டின் அட்டை கிடைக்கிறது, உள்ளே முகவரி இல்லை. முகவரிகளை நாமேதான் கேட்டுச் சேர்க்க வேண்டும். 3,000 பேரிடமும் கேட்க முடியாது, கேட்கவும் வேண்டியதில்லை. பெயர்ப் பட்டியலில் விரல் வைத்துப் போனால், உண்மையில் இழக்க முடியாதவர்கள் நூறு, இருநூறு பேர் தேறுவார்கள். அவர்களுக்குத் தனித்தனியாக உள்பெட்டியில் எழுத வேண்டும். பொதுப் பதிவு மற்றவர்களுக்கு.

அந்தப் பொதுப் பதிவு சுருக்கமாக இருக்கட்டும்:

‘தோழர்களே, அடுத்த மாதம் முதல் தேதியோடு இங்கு எழுதுவதை நிறுத்துகிறேன். இனி என்னை மின்னஞ்சலில் பிடிக்கலாம், முகவரி கீழே. அது கிடைக்காவிட்டால் எழுமலை அஞ்சல் நிலைய முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள். தொடர்பில் இருக்க விரும்புகிறவர்கள் உங்கள் நம்பரைப் பின்னூட்டத்தில் போடாமல் உள்பெட்டியில் அனுப்புங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு என் பெயரில் இங்கே யார் பணம் கேட்டாலும் அது நானில்லை.’

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. தேதி குறித்தால்தான் ஜனங்கள் இன்றைக்கே எழுதுவார்கள். இரண்டு வழி கொடுப்பது, ஒன்று அடைபட்டால் மற்றது இருக்கட்டும் என்பதற்காக. இரண்டும் இன்னொரு சமூக வலைத்தளமாகவே இருந்தால் நோட்டு மறுபடி வேறொரு நிறுவனத்திடம்தான் போய்ச் சேரும். போன் நம்பர் பின்னூட்டத்தில் வேண்டாம் என்பது, முக்கியமாகப் பெண் தோழர்களின் பாதுகாப்புக்காக. ஆள் போன பிறகு அவர் படத்தை வைத்துப் போலிக் கணக்கு திறந்து கடன் கேட்பது சகஜம். கடைசி வரி அதற்கு.

பதிவைப் பக்கத்தின் உச்சியில் நிறுத்தி, மூன்று நான்கு வாரம் விட வேண்டும். வெவ்வேறு நேரங்களில் இரண்டு மூன்று முறை மறுபடி சொல்ல வேண்டும். ஒரு முறை போட்டதை எல்லா நண்பர்களுக்கும் முகநூல் காட்டுவதில்லை. பதிவு வேலை செய்ததா என்பதை விருப்பக்குறிகளை எண்ணித் தெரிந்துகொள்ள முடியாது. ‘மிஸ் பண்ணுவோம் தோழர்’ என்ற பின்னூட்டங்கள் முந்நூறு வந்து, உள்பெட்டியில் முகவரி பதினைந்துதான் வந்திருந்தால் பதிவு தோற்றுவிட்டது என்று பொருள். அப்போது பட்டியலை எடுத்துக்கொண்டு மறுபடி தனித்தனியாக எழுத வேண்டியதுதான்.

பிறகு கணக்கை என்ன செய்வது? எழுதியதை எல்லாம் எடுத்துவிட்டு, அறிவிப்பை மட்டும் விட்டுவைத்துக் கணக்கைச் சும்மா நிறுத்திவைக்கலாம். தேடி வருகிறவர்களுக்கு அது உதவும், ஆனால் நிறுவனத்தின் கணக்கில் நாம் இன்னும் ஒரு தலை. நீக்குவதென்றால், 30 நாள்வரை மனம் மாறித் திரும்பலாம். தகவல்கள் முழுவதும் அழிய 90 நாள்வரை ஆகலாம் என்கிறது முகநூல். நாம் பிறருக்கு அனுப்பிய செய்திகள் அதன் பிறகும் அவர்கள் பெட்டியில் இருக்கும். சங்கத்தின் பக்கத்துக்கு நாம் ஒருவரே நிர்வாகியாக இருந்தால், நீக்குவதற்கு முன்பே அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நம்மோடு சங்கத்தின் குரலும் போய்விடும்.

இந்த வேலையை விலகும் நாள் வரும்வரை தள்ளிப்போடத் தேவையில்லை. 2020 ஜூன் இறுதியில் கிடைத்தது சில மணி நேரம். முகவரி நோட்டைத் தன் கையில் வைத்திருக்கும் குழுவுக்கு அது போதும். மற்றவர்களுக்கு அது கையசைக்க மட்டுமே போதுமானது.